6. மெயிலில் மூன்று எழுத்து: கப்பல் வாடகை யாருக்கு, வழிச்சேதம் யாருக்கு?

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்துப் பையர் ஒருவருக்கு ஒரு இருபதடி கன்டெய்னர் நிறையச் சமையலறைத் துண்டுகள் அனுப்பினேன். மெயிலில் நான் எழுதிக் கொடுத்தது ஒரே வரி: விலை இவ்வளவு, எஃப்.ஓ.பி. தூத்துக்குடி. கப்பல் பிடித்தது பையர் சொன்ன ஃபார்வர்டர். கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, கஸ்டம்ஸ் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்த வாரக் கப்பலில் இடமில்லை என்று அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். பதினோரு நாள் யார்டில் கிடந்தது, ஐப்பசி மழையில்.

ஹாம்பர்க்கில் கதவைத் திறந்தபோது மேல் வரிசை அட்டைப் பெட்டிகள் பழுப்பாக ஊறியிருந்தன. சர்வேயர் ஈரத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறார். கடல்நீராக இருந்தால் பால் போல வெளுக்கும், வெளுக்கவில்லை. ஆகவே மழைநீர். கன்டெய்னர் கூரையில் ஊசித்துளை இருந்தது. எந்த ஊர் மழை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பையர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "எஃப்.ஓ.பி. என்றால் கப்பலில் ஏறும் வரை உங்கள் பொறுப்பு. பதினோரு நாள் உங்கள் பொறுப்பில் மழையில் நின்றிருக்கிறது. அங்கே நனையவில்லை என்று காட்டுங்கள்." காட்ட முடியவில்லை. விலையில் விட்டுக்கொடுத்தேன்.

அந்தப் பதினோரு நாளும் என் தலையில் விழாமல் இருக்க, மெயிலில் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும். அந்த வரிகளை எப்படி எழுதுவது என்பதுதான் இந்த அத்தியாயம். கரூரிலிருந்து தூத்துக்குடி வழியாக ஹாம்பர்க்குக்கு ஒரு முழுக் கன்டெய்னர் போவதாக வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்ப்போம்.

## தெரிந்திருக்க வேண்டிய அளவு

இன்கோடெர்ம்ஸ் என்பவை பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தகச் சபை வெளியிடும் விதிகள். 1936-ல் முதல் பதிப்பு வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு, அதில் பதினொரு விதிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துப் பெயர்.

ஒவ்வொரு விதியும் வழியில் இரண்டு கோடுகள் போடுகிறது. ஒன்று செலவுக் கோடு: எதுவரை விற்பவர் பணம் கட்டுகிறார், எங்கிருந்து வாங்குபவர். மற்றது அபாயக் கோடு: எந்தப் புள்ளி வரை சரக்கு கெட்டால் விற்பவருக்கு நஷ்டம், எங்கிருந்து வாங்குபவருக்கு. இரண்டு கோடும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன. எஃப்.ஓ.பி.யில் இரண்டும் ஒரே இடம். சி.ஐ.எஃப்.பில் அப்படியில்லை: வாடகையை ஹாம்பர்க் வரை நீங்கள் கட்டுவீர்கள், ஆனால் அபாயம் தூத்துக்குடியில் கப்பல் ஏறியதுமே பையருக்குப் போய்விடும்.

இந்த விதிகள் சொல்லாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் எப்போது வரும், சரக்கின் சொத்துரிமை எப்போது மாறும், தாமதத்துக்கு என்ன அபராதம் ஆகியவற்றை மூன்றெழுத்து தீர்மானிக்காது. அவற்றைத் தனியாக எழுத வேண்டும்.

## படி 1: பதில் எழுதும் முன் ஒரு போன்

"உங்கள் சிறந்த எஃப்.ஓ.பி. விலை அனுப்பவும்" என்று பையர் எழுதுவார். பழக்கத்தில் எழுதுகிறார், யோசித்து எழுதியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடனே எண்ணைப் போட்டு அனுப்பாமல், உங்கள் சி.எச்.ஏ.வையோ ஃபார்வர்டரையோ கூப்பிட்டு நான்கு விவரம் வாங்குங்கள்: கரூர்–தூத்துக்குடி லாரி வாடகை, கஸ்டம்ஸ் வேலைக்கான செலவு, ஏற்றுமதி டெர்மினல் கட்டணம், ஹாம்பர்க் வரை கப்பல் வாடகை. கப்பல் வாடகைக்கு எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்குச் செல்லும் வாடகையை வைத்து இரண்டு மாதம் கழித்து ஏறும் சரக்குக்கு விலை சொல்லிவிட்டு, வித்தியாசத்தைக் கைக்காசிலிருந்து கட்டியவர்கள் உண்டு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றத் தொடங்கியபோது வாடகை எப்படி ஏறியது என்பதைக் கரூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கணக்குக்காகச் சில எண்கள் வைத்துக்கொள்வோம். இவை மாதிரிதான், உங்கள் எண்ணை நீங்கள்தான் வாங்க வேண்டும்.

- பேக்கிங்கோடு தொழிற்சாலை விலை: 24,000 டாலர்
- லாரி, கஸ்டம்ஸ் வேலை: 450 டாலர்
- தூத்துக்குடி டெர்மினல் கட்டணம்: 150 டாலர்
- ஹாம்பர்க் வரை கப்பல் வாடகை: 1,800 டாலர்
- இன்சூரன்ஸ் பிரீமியம்: 30 டாலர்

ஆக, டெர்மினல் வாசலில் ஒப்படைத்தால் 24,450. கப்பலில் ஏற்றிக் கொடுத்தால் 24,600. வாடகையும் சேர்த்தால் 26,400. இன்சூரன்ஸும் சேர்த்தால் 26,430. ஒரே சரக்குக்கு நான்கு விலை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு மெயில் எழுதுங்கள்.

## படி 2: விதியைத் தேர்ந்தெடுங்கள்

பதினொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். கரூர், திருப்பூர்க் கன்டெய்னர் சரக்குக்கு உண்மையில் நான்கைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான மெயில்களுக்குப் பதில் எழுதிவிடலாம்.

கப்பல் பிடிப்பது பையர் என்றால் எஃப்.சி.ஏ. நீங்கள் குறித்த இடத்தில், பையர் ஏற்பாடு செய்த கப்பல் கம்பெனியிடம் அல்லது அவருடைய ஃபார்வர்டரிடம் சரக்கை ஒப்படைத்ததும் அபாயம் மாறுகிறது. டெர்மினலைக் குறித்திருந்தால், கன்டெய்னர் உங்கள் லாரியில் அங்கே போய் இறக்கத் தயாராக நின்று, அவர்கள் வசம் ஆனதும் உங்கள் வேலை முடிந்தது. எஃப்.ஓ.பி.யில் அது கப்பல் தளத்தில் ஏறும் வரை முடிவதில்லை. நடுவில் யார்டில் கிடக்கும் நாட்களில் கன்டெய்னர் உங்கள் கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. பொறுப்பு மட்டும் உங்களிடம். எஃப்.ஓ.பி. என்பது மூட்டையையும் பெட்டியையும் நேராகக் கப்பலில் ஏற்றிய காலத்து விதி. டெர்மினலில் ஒப்படைக்கப்படும் கன்டெய்னருக்கு எஃப்.சி.ஏ.தான் பொருத்தம் என்று விதியை எழுதிய சபையே சொல்கிறது.

கப்பல் பிடிப்பது நீங்கள் என்றால் சி.பி.டி. அல்லது சி.ஐ.பி. முதலாவதில் வாடகை மட்டும் உங்களுடையது, இரண்டாவதில் இன்சூரன்ஸும். சி.எஃப்.ஆர்., சி.ஐ.எஃப். ஆகிய பழகிய சொற்களுக்குக் கன்டெய்னர் உலகத்து இணைகள் இவை. அபாயம் கப்பல் ஏறும்போது மாறுவதில்லை, முதல் போக்குவரத்துக்காரரிடம் ஒப்படைக்கும்போதே மாறுகிறது. அதனால் ஒப்படைக்கும் இடத்தையும் எழுத வேண்டும், போய்ச் சேரும் இடத்தையும் எழுத வேண்டும்.

பையர் எஃப்.ஓ.பி.யை விட மாட்டேன் என்றால் ஏற்றுக்கொள்ளலாம், குடி முழுகிவிடாது. ஆனால் அப்போது படி 4-ல் வரும் தேதி வரியும், யார்டு நாட்களுக்கான இன்சூரன்ஸும் கட்டாயம்.

இரண்டு விதிகளிலிருந்து விலகி நில்லுங்கள். ஒன்று இ.எக்ஸ்.டபிள்யூ., அதாவது தொழிற்சாலை வாசலிலேயே விற்பது. ஏற்றுமதி அனுமதி வாங்குவது பையர் பொறுப்பு என்கிறது அந்த விதி. ஆனால் இந்தியாவில் ஷிப்பிங் பில் உங்கள் ஐ.இ.சி. எண்ணில்தான் போகும். விதி ஒன்று சொல்ல, நடப்பு வேறாக இருக்கும். மற்றொன்று டி.டி.பி., இறக்குமதி வரி உட்பட எல்லாம் கட்டிப் பையர் வாசலில் கொடுப்பது. ஜெர்மனியில் இறக்குமதி வாட் வரி பொதுவாக 19 சதவீதம். அங்கே பதிவு இல்லாத நீங்கள் கட்டினால் அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. வீடு வரை வேண்டும் என்று பையர் கேட்டால் டி.ஏ.பி. கொடுங்கள்: அவர் ஊர் வரை வாடகையும் அபாயமும் உங்களுடையவை, இறக்குவதும் வரியும் அவருடையவை.

> குறிப்பு: அமெரிக்கப் பையர் "எஃப்.ஓ.பி. நியூயார்க்" என்று எழுதினால் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அவர்கள் உள்நாட்டு வணிகத்தில் அந்தச் சொல்லை வேறு பொருளில் பயன்படுத்துகிறார்கள். போய்ச்சேரும் ஊர் வரை உங்கள் செலவு, உங்கள் அபாயம் என்று அது பொருள்படலாம். பதில் மெயிலிலேயே விதியின் பதிப்பைக் குறிப்பிட்டு உறுதி கேளுங்கள்.

## படி 3: இடத்தை முகவரி போல எழுதுங்கள்

"எஃப்.சி.ஏ. இந்தியா" என்று எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம். கரூரில் தொழிற்சாலையா, தூத்துக்குடி சி.எஃப்.எஸ்.ஸா, துறைமுக டெர்மினலா என்பதைப் பொறுத்து லாரி வாடகையும் வழியில் லாரி கவிழ்ந்தால் வரும் நஷ்டமும் ஆள் மாறும். எஃப்.சி.ஏ. தொழிற்சாலை என்றால், பையர் அனுப்பும் வண்டியில் சரக்கை ஏற்றிக் கொடுப்பது உங்கள் வேலை. ஏற்றி முடித்ததும் அபாயம் அவருடையது.

வரியை இந்த வடிவில் எழுதுங்கள். விதி, துல்லியமான இடம், பதிப்பு என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

```
FCA <terminal name>, V.O. Chidambaranar Port,
Tuticorin, India, Incoterms 2020
```

வாடகை உங்களுடையது என்றால்:

```
CIP Hamburg <terminal name>, Germany, Incoterms 2020
Delivery to carrier: <terminal name>, Tuticorin
```

எஃப், சி என்று தொடங்கும் இரண்டு குடும்பங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எஃப் விதிகளில் எழுதும் ஊர் நம் பக்கத்து ஊர். சி விதிகளில் எழுதும் ஊர் பையர் பக்கத்து ஊர். "எஃப்.ஓ.பி. ஹாம்பர்க்", "சி.ஐ.எஃப். தூத்துக்குடி" என்று இன்வாய்ஸ்களில் பார்த்திருக்கிறேன். இப்படி எழுதினால் வங்கியில் கேள்வி வரும், தகராறு வந்தால் இரண்டு பக்கமும் தனக்குச் சாதகமான பாதியைப் படிக்கும்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும் கன்டெய்னருக்கு எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என்று எழுதியிருந்தால் அபாயம் எங்கே மாறுகிறது? தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏறியதும் மாறிவிட்டது. கொழும்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

## படி 4: தேதியும் செலவுப் பட்டியலும்

என் பதினோரு நாளுக்கு மருந்து இங்கே இருக்கிறது. பையர் கப்பல் பிடிக்கும் விற்பனையில், அவர் குறித்த காலத்துக்குள் கப்பலைச் சொல்லாவிட்டாலோ, அவர் சொன்ன கப்பல் சரக்கை ஏற்றாமல் விட்டாலோ, ஒப்புக்கொண்ட தேதியிலிருந்து அபாயமும் கூடுதல் செலவும் அவருக்குப் போகும் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒப்புக்கொண்ட தேதி ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். சரக்கு அவருடையதுதான் என்று தனியாக அடையாளம் காணும்படி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். சீல் வைத்த கன்டெய்னரும் அதன் எண்ணும் இரண்டாவதற்குப் போதும். முதலாவது என் மெயிலில் இல்லை. விதி எனக்குச் சாதகமாக இருந்தும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தேதி இல்லாமல் போனது.

ஆகவே மெயிலில் எழுதுங்கள்: "இந்த மாதம் 10 முதல் 15 வரை சரக்கை ஒப்படைப்போம். அதற்கு ஏழு நாள் முன்பாகக் கப்பல் பெயரும் புக்கிங் எண்ணும் எங்களுக்கு வர வேண்டும். கப்பல் தள்ளிப்போனால் 15-க்குப் பிறகான யார்டு வாடகையும் கன்டெய்னர் தாமதக் கட்டணமும் உங்களுடையவை."

அடுத்தது செலவுப் பட்டியல். மூன்றெழுத்து பெரிய கோட்டைத்தான் போடும். துறைமுகத்தில் சின்னச் சின்னப் பில்கள் பத்து வரும். பையர் நியமித்த ஃபார்வர்டர் நம் பக்கத்தில் டாக்குமென்ட் கட்டணம், சீல் கட்டணம், பி.எல். கட்டணம் என்று போட்டு உங்களிடம் நீட்டுவார். விலை ஒப்புக்கொள்ளும் முன்னரே அவருடைய தூத்துக்குடிக் கட்டணப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கேட்டு வாங்கிய பட்டியலில் இல்லாத பில்லை மறுக்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். நீங்கள் வாடகை கட்டும் சி விதிகளில், ஹாம்பர்க்கில் இறக்கும் கட்டணம் யாருக்கு என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். உங்கள் கப்பல் ஒப்பந்தத்தில் அது அடங்கியிருந்தால் உங்களுக்கு, இல்லையென்றால் பையருக்கு. பையருக்கு அது தெரியாது, இரண்டாவது தடவை பணம் கேட்கிறார்கள் என்று நினைப்பார்.

## படி 5: இன்சூரன்ஸ்

விற்பவர் இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டிய விதிகள் இரண்டுதான்: சி.ஐ.எஃப்., சி.ஐ.பி. இரண்டிலும் குறைந்தது விற்பனை விலையின் 110 சதவீதத்துக்கு எடுக்க வேண்டும். நம் மாதிரியில் 26,430-க்கு 29,073 டாலர். ஆனால் எடுக்கும் பாலிசி ஒன்றல்ல. சி.ஐ.எஃப்.புக்கு க்ளாஸ் 'சி' போதும் என்கிறது விதி, சி.ஐ.பி.க்கு 2020 பதிப்பு க்ளாஸ் 'ஏ' கேட்கிறது.

இந்த ஓர் எழுத்து வித்தியாசம் துணி வியாபாரிக்குப் பெரிய வித்தியாசம். 'சி' என்பது தீ, கப்பல் மூழ்குதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளுக்கு. மழைநீர் இறங்கியது, பெட்டியைப் பிரித்துத் திருடியது ஆகியவை அதில் இல்லை. துண்டுக்கும் விரிப்புக்கும் வரும் சேதம் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான். 'ஏ' இவற்றைச் சேர்த்துக்கொள்ளும். அதிலும் மோசமான பேக்கிங், துணியிலேயே இருந்த ஈரம், தாமதம் ஆகியவற்றால் வரும் நஷ்டம் கிடைக்காது. போரும் வேலைநிறுத்தமும் தனியாகச் சேர்க்க வேண்டியவை. பையர் சி.ஐ.எஃப். என்று பிடிவாதமாக இருந்தாலும், க்ளாஸ் 'ஏ' எடுக்கிறோம் என்று மெயிலில் எழுதிக் கொஞ்சம் பிரீமியம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பையரே இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் விற்பனையிலும் உங்களுக்கு ஒன்று வேண்டும். அவர் அபாயம் தொடங்காத இடத்தில் அவருடைய பாலிசி உங்களைக் காப்பாற்றாது. கரூர் குடோனிலிருந்து ஒப்படைக்கும் இடம் வரை உள்ள வழிக்கு நீங்கள் பாலிசி எடுங்கள். எஃப்.ஓ.பி. என்றால் கப்பல் ஏறும் வரை, யார்டு நாட்களையும் சேர்த்து. கடனுக்கு விற்கிறீர்கள் என்றால் செல்லர்ஸ் கன்டிஜென்சி என்ற வகையையும் உங்கள் ஏஜென்டிடம் கேளுங்கள்: அபாயம் பையருடையதாக இருந்து, சரக்கும் கெட்டு, பையர் பணமும் தராமல் போனால் அது உதவும்.

2025 மே மாதம் 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போகும் வழியில் கேரளக் கரைக்கு அருகே மூழ்கியது. அதில் அறுநூறுக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் இருந்தன. அப்படி ஒரு கப்பலில் உங்கள் கன்டெய்னர் இருந்தால் என்ன ஆகும்? எஃப்.சி.ஏ., எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப்., சி.ஐ.பி. எதுவாக இருந்தாலும் நஷ்டம் பையருடையது, விலையை அவர் தந்தே ஆக வேண்டும். டி.ஏ.பி. என்றால் நஷ்டம் உங்களுடையது. ஆனால் மூன்று மாதக் கடனுக்கு வாங்கிய பையர், சரக்கே வராமல் பணத்தை எண்ணி வைப்பாரா என்பது வேறு கேள்வி. அபாயம் மாறிவிட்டது என்ற காகிதம் வழக்குக்குத்தான் உதவும். வழக்கு முடியும் வரை நெசவுக் கூலி கொடுக்கப் பணம் வேண்டும்.

## படி 6: பி.எல். யார் கையில்?

எஃப்.சி.ஏ. மேல் ஒரு நியாயமான பயம் உண்டு. எல்.சி. இருந்தால் வங்கி "கப்பலில் ஏறியது" என்று குறித்த பி.எல். கேட்கும். எஃப்.சி.ஏ.யில் நாம் டெர்மினலிலேயே ஒப்படைத்துவிடுகிறோம், ஏறியதற்கான பி.எல். எப்படி வாங்குவது? 2020 பதிப்பு இதற்கு வழி செய்திருக்கிறது. கப்பல் ஏறிய குறிப்புடன் பி.எல்.லை விற்பவருக்குக் கொடுக்கும்படி பையர் தன் கப்பல் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும் என்று இருவரும் ஒப்புக்கொள்ளலாம். தானாக வராது, ஒப்புக்கொள்ள வேண்டும். மெயிலில் அந்த வரி இல்லையென்றால் பிறகு ஃபார்வர்டரிடம் கெஞ்ச வேண்டும்.

கூடவே இரண்டு எச்சரிக்கை. பி.எல்.லில் ஷிப்பர் என்ற கட்டத்தில் உங்கள் கம்பெனி பெயர் இருக்க வேண்டும். பையருடைய ஃபார்வர்டர் தன் சொந்த பி.எல். கொடுத்தால், அவருடைய ஹாம்பர்க் ஆபீஸ் அசல் பி.எல். இல்லாமல் சரக்கைப் பையரிடம் விடாது என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் வராமல் சரக்கு போய்ச் சேர்ந்த கதைகளில் பெரும்பாலானவை இந்த வாசல் வழியாகத்தான் நடந்திருக்கின்றன. பி.எல்.லுக்குப் பதிலாகச் சரக்கைப் பெற்றுக்கொண்ட சான்று மட்டும் கொடுத்தால் உங்கள் கையில் எந்தப் பிடியும் இல்லை. முன்பணம் முழுதாக வந்திருந்தால் ஒழிய ஒப்புக்கொள்ள வேண்டாம்.

## படி 7: மெயிலை எழுதுங்கள், பதிலை வாங்குங்கள்

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். இதை விட நீளமாக வேண்டாம். இந்த வரிசையில் எழுதினால் எதுவும் விட்டுப் போகாது.

1. விலை, அதன் கீழேயே விதி, இடம், பதிப்பு. "மொத்தம் 24,450 டாலர்" என்ற வரிக்கும் மூன்றெழுத்து வரிக்கும் நடுவே வேறு எதையும் நுழைக்காதீர்கள்.
2. பையர் எஃப்.ஓ.பி. கேட்டிருந்தால் ஒரு வாக்கியக் காரணம்: "சரக்கைக் கன்டெய்னரில் டெர்மினலில் ஒப்படைப்பதால் எஃப்.சி.ஏ. விலை தருகிறோம், ஏற்றுமதி டெர்மினல் கட்டணம் இதில் சேரவில்லை, அதனால் எஃப்.ஓ.பி. விலையை விட 150 டாலர் குறைவு." விலை குறைந்திருப்பதைக் காட்டினால் பையர் பெரும்பாலும் மறுப்பதில்லை.
3. ஒப்படைக்கும் காலம், புக்கிங் எப்போது வர வேண்டும், தள்ளிப்போனால் யார் கட்டுவது.
4. பி.எல். பற்றிய வரி.
5. இன்சூரன்ஸ்: எதுவரை நீங்கள், எங்கிருந்து அவர்.
6. பணம் எப்போது, எப்படி.
7. விலை எந்தத் தேதி வரை செல்லும்.
8. "மேலே உள்ளவற்றை ஒப்புக்கொள்வதாகப் பதில் எழுதவும், பெர்ஃபார்மா இன்வாய்ஸில் இவையே இருக்கும்."

பதில் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. பையரின் பி.ஓ. வரும்போது அதைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். மெயிலில் எஃப்.சி.ஏ. ஒப்புக்கொண்டவர், அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழைய அச்சு வடிவம் இருப்பதால், பி.ஓ.வில் எஃப்.ஓ.பி. என்றே அனுப்புவார். கெட்ட எண்ணம் இருக்காது, ஆனால் நீங்கள் பேசாமல் சரக்கை அனுப்பினால் பி.ஓ.வை ஏற்றுக்கொண்டதாக வாதாடலாம். அன்றைக்கே "பி.ஓ.வில் விதி மாறியிருக்கிறது, திருத்தி அனுப்பவும்" என்று ஒரு வரி எழுதுங்கள். மெயில், பெர்ஃபார்மா, பி.ஓ., எல்.சி., கடைசி இன்வாய்ஸ் ஆகிய ஐந்திலும் ஒரே எழுத்து, ஒரே இடம்.

ஷிப்பிங் பில் மட்டும் தனி. அதில் கஸ்டம்ஸுக்கு எஃப்.ஓ.பி. மதிப்பு காட்ட வேண்டும். டிராபேக் போன்ற சலுகைகளின் கணக்கும் அந்த மதிப்பை வைத்துத்தான். 26,430-க்கு சி.ஐ.பி. விற்றிருந்தாலும் வாடகையையும் இன்சூரன்ஸையும் கழித்துவிட்டுக் காட்டுவீர்கள். பையரோடு எஃப்.ஓ.பி. ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை.

## படி 8: ஒப்படைக்கும் நாளில்

மெயிலில் போட்ட கோட்டுக்குச் சாட்சி வேண்டும். கோடு எங்கே என்று எழுதியாயிற்று. அந்த இடத்தைத் தாண்டும்போது சரக்கு நல்ல நிலையில் இருந்தது என்று காட்டுவது உங்கள் வேலை.

காலிக் கன்டெய்னர் தொழிற்சாலைக்கு வந்ததும், ஒரு ஆள் உள்ளே போக, வெளியிலிருந்து கதவை மூடச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு நிமிடம் இருட்டில் நின்று கூரையையும் மூலைகளையும் கதவு ரப்பரையும் பார்க்க வேண்டும். எங்காவது நட்சத்திரம் போல ஒரு புள்ளி மின்னினால் அது துளை. அந்தக் கன்டெய்னரைத் திருப்பி அனுப்புங்கள். வெளியே நிற்பவர் கதவுப் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தரைப் பலகையை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் தெரியும்.

பிறகு நான்கு படம்: காலியாக உள்ளே, பாதி ஏற்றியது, முழுதாக ஏற்றியது, மூடிய கதவில் சீல் எண்ணும் கன்டெய்னர் எண்ணும் ஒரே சட்டத்தில். லாரி டெர்மினலுக்குள் போனதும் நுழைவுச் சீட்டின் படத்தை சி.எச்.ஏ.விடம் வாங்குங்கள். எஃப்.சி.ஏ. டெர்மினல் என்று எழுதியிருந்தால், அபாயக் கோட்டைத் தாண்டிய தேதியும் நேரமும் அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

அன்று மாலைக்குள் பையருக்கு ஒரு மெயில்: கன்டெய்னர் எண், சீல் எண், டெர்மினலில் ஒப்படைத்த நேரம், நான்கு படங்கள், நுழைவுச் சீட்டு. ஒப்படைத்ததைச் சொல்வது விதிப்படியும் உங்கள் கடமை. அவர் இன்சூரன்ஸ்காரருக்குத் தகவல் கொடுக்க இந்த மெயில்தான் வேண்டும். விலை பேசிய பழைய மெயில் இழையிலேயே பதிலாக அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். விதியும், அவர் ஒப்புக்கொண்டதும், ஒப்படைத்ததும் ஒரே இழையில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும்.